ஜானகியம்மாளைத் தெரியாது என்ற போன்

ஜானகியம்மாள் ஒரு காலத்தில் பதினோராயிரம் ரூபாய் கடன்காரி. முதல் ஓவர்லாக் தையல் மெஷின் வாங்கக் காதர்பேட்டை பனியன் வியாபாரி ஒருவரிடம் வட்டிக்கு வாங்கிய பணம் அது. இதைச் சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது. மூணாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பனியனுக்குப் பிசிர் வெட்டும் வேலையில் தொடங்கியவர், வட்டியும் முதலுமாக அடைத்து முடித்தார். இன்றைக்குக் காங்கயம் ரோட்டில் சொந்த ஷெட்டில் பன்னிரண்டு தையல்காரர்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள். எம்.பி.ஏ. படித்தவர்கள் தொடங்கிய கம்பெனி எத்தனையோ மூடிப்போனதை அவர் இருந்த இடத்தில் இருந்தே பார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை சம்பளம் அவர் ஷெட்டில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. கொரோனாவிலும் தவறவில்லை. திருப்பூரில் ஒரு சனி தவறினால் போதும், திங்கட்கிழமை காலையில் தையல்காரன் வேறொரு கம்பெனியில் உட்கார்ந்திருப்பான். எதிர்த்தெருவில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அர்த்தநாரிக்கு ஆள் பஞ்சம் வேறு. ஜானகியம்மாள் ஷெட்டில், புதன்கிழமை அனுப்ப வேண்டிய பெரிய ஆர்டர் ஒன்று மெஷின்மேல் பாதி நிலையில் கிடந்தது.

அந்த வாரம் பார்த்து அவருடைய போனில் சிம் செத்தது. ‘சிம் இல்லை’ என்று காட்டியது; துடைத்துப் போட்டும் உயிர் வரவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் ஆதார் அட்டையோடு சிம் கடைக்குப் போய், அதே நம்பருக்குப் புது சிம் வாங்கிப் போட்டுக்கொண்டார். கால் பேசியது. காரியம் முடிந்தது என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலை சம்பளம் அனுப்பப் பேங்க் ஆப்பைத் திறந்தார். ‘இந்தச் சாதனம் அடையாளம் காணப்படவில்லை. மீண்டும் பதிவு செய்யவும்’ என்று வந்தது.

“என்ற போன், என்ற காசு. என்னையத் தெரியாதுங்குதா இது?”

சூப்பர்வைசர் அனுசுயா எட்டிப் பார்த்தாள். “சிம் மாத்துனீங்கல்லங்க, அதுனாலங்க அம்மா. புதுசா பதியச் சொல்லுதுங்க.”

பதிய அமுக்கினால், எந்த சிம் என்று கேட்டது. போனில் இரண்டு சிம். ஒன்று நேற்று மாற்றிய, பேங்கில் கொடுத்த நம்பர்; மற்றது ஆர்டர்காரர்களோடு பேசும் நம்பர். பேங்க் நம்பரைத் தொட்டார். ஆப் தானாகவே அந்த சிம்மிலிருந்து பேங்குக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பப் பார்த்தது. வட்டம் சுற்றியது, சுற்றியது, ‘செய்தி அனுப்ப முடியவில்லை’ என்று நின்றது. ஆத்திரத்தில் மற்ற சிம்மைத் தொட்டார். அது பேங்கில் இல்லாத நம்பர் என்றது.

பேங்குக்கே போய்விடலாம் என்றால் அன்று இரண்டாம் சனி, விடுமுறை. ஹெல்ப்லைனுக்குப் போட்டார். ஒரு பெண் பேசினாள்.

“மேடம், சிம் எப்ப மாத்துனீங்க?”

“நேத்துப் பொழுதோட. ஆறரை இருக்கும்.”

“புது சிம் போட்டா ஒரு நாளுக்கு எஸ்.எம்.எஸ். போகாது, வராது. டெலிகாம் ரூல் மேடம். யாராவது உங்க பேருல சிம் வாங்கி, ஓ.டி.பி. எடுத்து, அக்கவுண்டைத் தொடச்சிடக் கூடாதுன்னு. அந்த எஸ்.எம்.எஸ். போனாத்தான் இது உங்க நம்பரு, உங்க போன்னு எங்களுக்குத் தெரியும். சாயந்தரம் ட்ரை பண்ணுங்க.”

“திருடன் எடுக்கக் கூடாதுன்னு சாவிய வாங்கி வெச்சுக்கிட்டு, ஊட்டுக்காரியவும் வெளிய நிக்க வெக்கறீங்களா? எனக்கு இன்னிக்குச் சம்பளம் போடோணும்.”

“கஷ்டம் புரியுது மேடம்.”

“உனக்கு என்ன புரியும்? உனக்கு ஒண்ணாந்தேதியானா வந்து விழுந்துரும்.”

போனை வைத்துவிட்டு நேராக சிம் கடைக்குப் போனார். கடைக்காரன் வேல்குமார் பல்லைக் காட்டினான்.

“ஏங் கண்ணு, ஒரு நாளைக்கு மெசேஜ் போகாதுன்னு நேத்தே சொல்றதுக்கு உனக்கு வாயி வலிச்சுதா?”

“சொன்னனுங்க அம்மா. நீங்க ‘எனக்குச் சொல்லித் தராத, போடு சிம்ம’ன்னீங்க.”

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். ஜானகியம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது. ஆனாலும் வேல்குமார் சொன்னது நிஜம் என்பதால் கோபம் இன்னும் ஏறியது. இருநூறு பேருக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அவர். பொடிப்பயல் சொல்லைக் காதில் போட்டுக்கொள்வாரா?

சம்பளம் சிக்கிக்கொண்ட செய்தி மத்தியானமே ஷெட்டில் பரவிவிட்டது. கமுதிப் பக்கத்திலிருந்து வந்த பாண்டித்துரைதான் மூத்த தையல்காரர். அவர் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள். அவர் டீ குடிக்கப் போன இடத்தில் அர்த்தநாரி வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததை அனுசுயா பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

ஆறரை தாண்டியதும் ஜானகியம்மாள் பேங்க் நம்பரைத் தொட்டார். வட்டம் சுற்றியது. மறுபடியும், அனுப்ப முடியவில்லை.

மேசையில் ஓங்கி அடித்தார். “ஒரு நாளு முடிஞ்சுதல்ல? பொய் சொல்றாளா அவ?”

அனுசுயா போனை வாங்கி, அந்த சிம்மிலிருந்து தன் நம்பருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்தாள். போகவில்லை. “அம்மா, இந்த நம்பருக்கு என்ன ரீசார்ஜ் போடறீங்க?”

“இருக்கறதுலயே கம்மியா. கால் வந்தாப் போதும். ஷெட்டுல வைஃபை இருக்கறப்ப தண்டமா எதுக்குக் காசு?”

இந்தச் சிக்கனத்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அனுசுயா தலையைச் சொறிந்தாள். “எஸ்.எம்.எஸ். போகறதுக்கு அதுல காசே இல்லீங்க. ஒரு நாளு முடிஞ்சாலும் இது போகாதுங்க.”

ஜானகியம்மாளின் முகம் மிளகாயாகச் சிவந்தது. “போடு ரீசார்ஜு,” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அனுசுயா தன் போனிலிருந்தே போட்டாள். இந்த முறை வட்டம் சுற்றி, பச்சையாக ஒரு டிக் விழுந்தது. டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி மாதமும் கேட்டது. பர்ஸின் மூலையில் உறை பிரிக்காமல் கிடந்த கார்டை எடுத்து அடித்தார். ஓ.டி.பி. வந்தது. போட்டார். புதுக் கடவு எண் வைத்தார். ‘உங்கள் சாதனம் பதிவாகிவிட்டது.’

“இப்பத் தெரியுதா நான் ஆருன்னு?” என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

பாண்டித்துரையின் கணக்குக்கு ஐயாயிரத்து இருநூறு அனுப்பினார். போகவில்லை. புதிதாகப் பதிந்த போனில் முதல் ஒரு நாளைக்கு மொத்தமே ஐயாயிரம்தான் அனுப்பலாமாம். பன்னிரண்டு பேருக்கு ஐம்பத்தெட்டாயிரம் வேண்டும்.

கதவோரம் பாண்டித்துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஏம்மா, இன்னைக்கு இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. ஊருக்குப் போற பஸ்ஸுக்குக் காசு வேணும். அங்கிட்டு அர்த்தநாரி அண்ணன் அட்வான்ஸ் தாரேங்கறாரு.”

“அர்த்தநாரி நேத்துப் பொறந்தவன். என்ற கிட்ட வந்து ‘இல்லன்னு சொல்லு’ங்கறயா நீ? உக்காரு.”

ரொக்கமாகக் கொடுக்க ஏ.டி.எம். ஒன்றுதான் வழி; ஜானகியம்மாள் அந்தப் பக்கம் போனவரே இல்லை. சுவரிடம் கை நீட்டிக் காசு கேட்பது அவருக்குக் கேவலம். கார்டுக்கு ரகசிய எண்ணும் வைத்ததில்லை. அனுசுயாதான் ஆப்பில் கார்டு என்ற இடத்தைத் தொட்டுக் காட்டினாள். போன் பதிவாகிவிட்டதால் அந்த எண்ணை அதிலேயே வைக்கலாம்; தொழில் கணக்கு என்பதால் ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை எடுக்கலாம். வைத்தார். பனியன் அட்டைப்பெட்டி ஒன்றை இடுக்கிக்கொண்டு ஏ.டி.எம்.முக்கு நடந்தார்.

ஒரு தடவைக்குப் பத்தாயிரம்தான் தந்தது. ஒவ்வொரு முறையும் கார்டைச் சொருகிச் சொருகி எடுத்தார். பின்னால் நின்ற ஒருவன் “இன்னும் எத்தனை தடவைங்க?” என்றான். “என்ற காசு தீர்ற வரைக்கும்,” என்றார் திரும்பாமல்.

எட்டரை மணிச் சங்கு ஊதும்போது அவர் ஷெட்டுக்குள் நுழைந்தார். தையல்காரர்கள் ஒருவரும் போயிருக்கவில்லை. சில்லறைக்கு அனுசுயாவை டீக்கடைக்கு விரட்டினார். அர்த்தநாரி வெளியே ஷெட் வாசலில் நிற்பது தெரிந்து, வேண்டுமென்றே கதவை அகலத் திறந்து வைத்தார்.

“பாண்டித்துரை, வா. கைய நீட்டு.”

அவர் நீட்டினார். நூல் தூசி ஒட்டிய உள்ளங்கை.

“எண்ணிக்கோ. வெளிய இருக்கறவனுக்கும் கேக்கட்டும்,” என்று சொல்லி ஐநூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தார். பத்தாவது தாளுக்கு மேல் இருநூறு ரூபாய்த் தாள் ஒன்றை வைத்து, அந்த விரல்களை மூடினார்.