துடைத்தும் போகாத மஞ்சள்

எங்கள் பூனை பிறவியில் வெள்ளை. அதை வெள்ளையாகப் பார்த்தவர்கள்தான் குறைவு. ஈரோட்டில் எங்களுக்கு மஞ்சள் கிடங்கு. கீழே கிடங்கு, மேலே வீடு. எலிக்காக வளர்த்த பூனை, தின்று கொழுத்து மூட்டை மேல் தூங்கும். எழுந்து மேலே வந்து என் படுக்கை விரிப்பில் மஞ்சள் தடம் வைக்கும். பிறகு உட்கார்ந்து நக்கி நக்கித் தன்னை வெளுத்துக்கொள்ளும்.

எனக்கு அழுக்கு ஆகாது. கோபமும் சீக்கிரம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புது சோபாவில் மஞ்சளைப் பார்த்த வேகத்தில் பூனையைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்க் கதவைச் சாத்தினேன். குழாயைத் திறந்துவிட்டு, தலையோடு ஒரு சொம்பு ஊற்றினேன். அவ்வளவுதான். வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பூனை என் தோள் மேல். முழங்கையில் நான்கு கோடு. சோப்பை எடுப்பதற்குள் அது தாழிடாத கதவைத் தள்ளிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது.

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மீன் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"கோவிச்சுட்டு இருக்குது அம்மிணி. உட்டுரு, பசிச்சாத் தானா வரும்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஐந்து நாள் போனது. அதற்குள் அது முன்னைவிட மஞ்சளாகிவிட்டது. என்மேல் வஞ்சம் வைத்துத்தான் இப்படித் திரிகிறது என்று நினைத்தேன்.

மறுபடி குளிப்பாட்டுவதா, வேண்டாமா? செல்போன் வீடியோவில் ஒருத்தி மாதம் ஒருமுறை என்றாள், இன்னொருத்தி கூடவே கூடாது என்றாள். பூனைத் தீனிக் கடைக்காரர் தண்ணீரே வேண்டாம், நுரையைத் தேய்த்துத் துடைத்தால் போதும் என்றார். வீட்டுக்காரரோ, "கொழந்தைக்குப் போடற பவுடரத் தூவிச் சீவிப்போடு" என்றார். தலை சுற்றியது. கடைசியில் ஊசி போடும் கால்நடை மருத்துவரம்மாவையே கூப்பிட்டேன்.

"குட்டை முடிப் பூனைக்குக் குளியலே வேண்டியதில்லீங்க, அதுவே பாத்துக்கும். எண்ணெய், பெயிண்ட்னு எதாச்சும் ஒட்டுனாத்தான். மஞ்சத்தூளுக்குச் சீப்புல சீவிட்டு, ஈரத்துணியப் புழிஞ்சு தொடச்சாப் போதும். பவுடர் மட்டும் வேண்டாங்க. மூச்சுல போகும், நக்குனா வயித்துக்குப் போகும்."

குளிப்பாட்டியே ஆகவேண்டுமென்றால் எப்படி என்று கேட்டேன். தண்ணீரை வெதுவெதுப்பாக முன்னாலேயே பிடித்து வைக்கவேண்டும், குழாய்ச் சத்தமே கூடாது. டப்பில் நான்கு விரல் ஆழம் போதும், அடியில் துண்டு விரித்தால் கால் வழுக்காது. பூனை ஷாம்பு மட்டும்தான். கழுத்துக்குக் கீழே கிண்ணத்தால் மெதுவாக ஊற்றவேண்டும், தலையில் ஊற்றவே கூடாது. நான் செய்தது அத்தனையும் தப்பு. அது சாப்பிடாததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அது எங்களுக்குள் நடக்கும் சண்டை என்று எண்ணிக்கொண்டேன்.

துணியிலேயே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். முடி போகும் திசையில் சீவினேன், துடைத்தேன். ஒரு முனகல் இல்லை, ஒரு கீறல் இல்லை. பதறாத காரியம் சிதறாது என்று எனக்குள் பெருமை வேறு. உடம்பு வெளுத்தது. காதை மடித்தேன், உள்ளே மஞ்சள். துடைத்தேன். மறுபடி துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

"ஏனுங்க, இது போகமாட்டேங்குதுங்க."

விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்தே தரம் சொல்கிறவர் அவர். காதைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். உதட்டை நீக்கி ஈறைப் பார்த்தார். அதுவும் மஞ்சள்.

"அம்மிணி, இது நம்ம மஞ்சள் இல்ல."

உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவரம்மா பார்த்துவிட்டுக் காமாலை என்றார். கொழுத்த பூனை நாலைந்து நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடுமாம். "தன்னைய நக்கிக்குதுங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. நக்கவே இல்லை. அதனால்தான் அத்தனை அழுக்கு.

கழுத்தில் குழாய் வைத்தார்கள். சில வாரம், கரைத்த தீனியை ஊசிக்குழலில் எடுத்து அதற்குள் நான்தான் மெதுவாக ஏற்றினேன். பிழைத்துக்கொண்டது. குழாயை எடுத்த அன்று கேட்டேவிட்டேன்.

"நான் தண்ணி ஊத்துனதாலதானுங்களா?"

"பயத்துல தீனிய நிறுத்தியிருக்கலாங்க. இல்ல, அதுக்கு முந்தியே நோவு வந்து, நக்க முடியாமத்தான் அழுக்கா இருந்துச்சோ என்னமோ. இனிமே சொல்ல முடியாதுங்க. குளிக்க வெச்ச அன்னைக்குக் காலைல நக்குச்சா?"

இன்றுவரை யோசிக்கிறேன். அன்று காலை நான் மஞ்சளைத்தான் பார்த்தேன். பூனையைப் பார்க்கவில்லை.