அம்பு பட்டது, ஆள் சாகவில்லை

‘பக்’ என்று ஆபீசில் சொல்லும் அந்தக் கோளாறுப் பதிவை நான் நான்கு முறை திறந்தேன். நான்கு முறையும் அவர் மூடினார். நான்காவது முறை மூடும்போது காரணத்தைத் தமிழிலேயே எழுதினார்: ‘டெஸ்டருக்குக் குறி பார்க்க வரவில்லை.’

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறி பார்க்க எனக்கா வராது?

அம்பத்தூர் எஸ்டேட்டில், மாவு மில் மாதிரி இரைச்சல் போடும் ஒரு பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். செல்போனுக்குத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு செய்கிற சின்ன கம்பெனி. நாள் முழுக்க விளையாடிப் பார்த்து, எது உடைந்திருக்கிறது என்று எழுதிப் போடுவது என் வேலை. நான் எழுதுவதை வாங்கிச் சரிசெய்ய வேண்டியவர்தான் அவர்: புரோகிராமர்களுக்குத் தலைவர், கோயம்புத்தூர்க்காரர். மரியாதைக்குக் குறைவே இல்லை, எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போடுவார். ‘இல்லைங்க’ என்று மறுப்பதிலும் அதே மரியாதை.

எனக்கு அப்போது ஆறு மாத ப்ரொபேஷன், முடிய மூன்று வாரம் இருந்தது. தப்பான பக் அதிகம் போடுகிறவரை நிரந்தரமாக்க மாட்டார்கள். அவர் ஒவ்வொரு தடவை மூடும்போதும் என் பெயருக்கு நேரே ஒரு ‘செல்லாது’ விழுந்தது. ஒரே பக்கில் நான்கு. அந்த வேலை போனால் நான் மறுபடியும் வெள்ளானூர் வீட்டில் உட்கார்ந்து விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட வேண்டும்.

சங்கதி இதுதான். எங்கள் விளையாட்டில் இருந்த ரைபிளுக்குக் குண்டு என்று ஒன்று பறப்பதே இல்லை. சுட்ட கணத்தில், எல்லோர் போனையும் இணைத்து ஆட்டத்தை நடத்தும் சர்வர் ஒரு நேர்கோடு இழுத்துப் பார்க்கும். கோட்டில் ஆள் இருந்தால் பட்டது, அவ்வளவுதான். அதனால் ஆள் எவ்வளவு தூரத்தில் ஓடினாலும் நேராக மார்பில் வைத்துச் சுடலாம். புதிதாகச் சேர்த்த வில் அப்படியில்லை. அம்பு நிஜமாகவே பறக்கும், நொடிக்கு ஐம்பது மீட்டர். ஐம்பது மீட்டர் தள்ளி ஒருவன் குறுக்கே ஓடினால் அம்பு போய்ச் சேர்வதற்குள் அவன் ஐந்து மீட்டர் நகர்ந்திருப்பான். ஆகவே அவன் மேல் குறி வைக்கக்கூடாது, அவன் வரப்போகும் இடத்தில் வைக்க வேண்டும்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ரப்பர் பந்தை ஓடுகிறவன் முதுகில் எறிகிற ஆட்டம் ஆடியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த ஆட்டத்தில் என்னிடம் முதுகு சிவக்காத பையன் எங்கள் தெருவில் இல்லை.

ஆபீசில் விளையாடினால் அம்பு ஒழுங்காகப் பட்டது. வீட்டில் போன் டேட்டாவில் விளையாடினால் படவில்லை. என் திரையில் அம்பு மார்பில் குத்தி நிற்கும், ரத்தம்கூடத் தெறிக்கும், அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருப்பான். அதுவும் குறுக்கே ஓடினால்தான். நின்றுகொண்டிருந்தாலோ நேராக என்னை நோக்கி வந்தாலோ செத்துப்போவான். இதையெல்லாம் எழுதிப் போட்டேன். அவர் ஆபீசில் முயன்று பார்த்துவிட்டு, இங்கே வரவில்லைங்க என்றார். எப்படி வரும்? ஆபீஸ் சர்வர் அவர் மேசையிலிருந்து பத்தடியில் ஏசிக்குக் கீழே இருந்தது. கட்டளை போய்ச் சேர நேரமே எடுக்காது.

இரண்டாவது தடவையும் அதே பதில், மூன்றாவது தடவை ‘உங்க வீட்டு நெட்வொர்க்.’ நான்காவதுதான் ‘குறி.’

வெள்ளிக்கிழமை வில் வெளியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட்டு முடித்த கையோடு, அவர் மேசை முன்னால் போய் நின்றேன். பத்து நிமிடம் கேட்டேன். ஆபீஸ் சர்வர் வேண்டாம், வெளியூரில் இருக்கும் சர்வரில் ஏறலாம், நான் டேட்டாவில், நீங்கள் வைஃபையில் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் சிரித்தபடி போனை எடுத்தார்.

விளையாட்டில் ஒரு நீளப் பாலம் உண்டு. அதன் மேல் ஒரே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கச் சொன்னேன். முதலில் ரைபிளை எடுத்து, என் திரையில் தெரிந்த மார்பில் சுட்டேன். அவருக்கு உயிர் குறைந்தது. நெட்வொர்க் இதே நெட்வொர்க்தான் என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பிறகு வில். அவருக்கு முன்னால் சரியான தூரத்தில் குறிவைத்து அம்பை விட்டேன். என் திரையில் அம்பு அவர் மார்பில். ‘ஒண்ணுமே ஆகலைங்க’ என்றார். இரண்டாவது அம்பும் மார்பில், மூன்றாவதும் மார்பில். அவர் உயிர் கொஞ்சம்கூட இறங்கவில்லை. ‘பாத்தீங்களா, குறி...’ என்று ஆரம்பித்தார்.

நான்காவது அம்பை அதைவிட ஒரு மீட்டர் கூடுதலாக முன்னால் விட்டேன். என் திரையில் அது அவருக்கு முன்னால் வெற்றுவெளியில் போனது. அவர் பாலத்தில் விழுந்து செத்தார்.

என் திரையில் நடந்ததெல்லாம் பதிவாகியிருந்த போனை அவர் முன்னால் வைத்தேன். ஆபீசில் நான் ஜாக்கிரதையாகப் பேசுகிற தமிழெல்லாம் அந்த நேரத்தில் பறந்துவிட்டது.

“மார்ல அடிச்சா நீங்க ஓடிகினு கீறீங்க. காத்துல அடிச்சா செத்துப் போறீங்க. இதுல என் குறி இன்னா சார் பண்ணுச்சு?”

அவர் பதிவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து அவரே சொல்லத் தொடங்கினார். நான் பார்க்கிற ஆள் பழைய ஆள். அவன் இருக்குமிடம் சர்வரிலிருந்து என் போனுக்கு வர ஒரு நேரம், நான் விட்ட அம்பு பற்றிய செய்தி திரும்பிப் போக ஒரு நேரம், அசைவு குலுங்காமல் தெரிய விளையாட்டு வேண்டுமென்றே பிடித்துவைக்கும் துளி நேரம். எல்லாம் சேர்ந்து நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் ஓடுகிறவன் ஒரு மீட்டர் போய்விடுகிறான். ரைபிளுக்கு இதைச் சரிக்கட்டச் சர்வர் எல்லோரையும் நான் பார்த்த கணத்தில் இருந்த இடத்துக்கே பின்னோக்கி நகர்த்தி வைத்துப் பார்க்கிறது. வில்லுக்கு அதை யாரும் எழுதவில்லை. செய்தி வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே அம்பு கிளம்புகிறது.

‘யாரும்’ என்றார். எழுத வேண்டியவர் அவர்தான்.

அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சரிசெய்துவிடுகிறேன், ஆனால் பழையதை விட்டுவிட்டு ‘மேம்பாடு’ என்று புதிதாக ஒன்று போடுங்கள், நான்கு முறை மூடியது மேலே இருப்பவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் மூடியது மறைந்துவிடும், என் பெயருக்கு நேரே நான்கு ‘செல்லாது’ அப்படியே நிற்கும். நல்ல கதை!

“இது மேம்பாடு இல்ல சார். நீங்க நாலு தடவ மூடுன பக். அத்தயேதான் அஞ்சாவது தடவ தொறக்கிறேன்.”

அவர் எதிரிலேயே திறந்தேன். பட்டனை அழுத்தும்போது வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்று இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் தலை நிமிரவில்லை. அம்பு கிளம்பும்போதே அந்தத் தாமத அளவுக்கு முன்னால் ஓட்டிவிட்டு, அந்த வழியை ஆட்கள் அப்போது இருந்த இடத்தோடு சரிபார்க்கும்படி மாற்றினார். தாமதம் அளவுக்கு மேல் இருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது, இல்லாவிட்டால் சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டவனும் சாவான் என்றார். அது நியாயம், ஒப்புக்கொண்டேன். வியாழக்கிழமை வீட்டுக்குப் போய் டேட்டாவில் ஏறினேன். மார்பில் குத்தியது. விழுந்தான். பக்கை என் கையால் மூடினேன்.

மூன்று வாரம் கழித்து நிரந்தரம் ஆக்கிய கடிதம் வந்தது. நான்கு ‘செல்லாது’களும் எடுக்கப்பட்டிருந்தன. கூடவே அவர் நிரப்பிய மதிப்பீட்டுத் தாள். ‘மாற்றிக்கொள்ள வேண்டியவை’ என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: ‘ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.’

அடியில் எனக்கென்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் டிக் போட்டேன். ‘மாற்றிக்கொள்கிறேன்’ என்பதைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டு, அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.