முதல் பீரியடுக்கு ஒரு ஆள்

தேன்மொழியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அவள் மேல் இல்லை. அவள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? யாரை நம்ப வேண்டும் என்று கொஞ்சம் பார்த்து நம்பியிருக்கலாம். அவ்வளவுதான்.

கொல்லிமலையில் எங்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியர். தேன்மொழி கணினி எடுப்பவள். எடப்புளி நாடு என்கிற மலையூர்க் கூட்டத்தில் மிளகும் மரவள்ளியும் போடும் குடும்பத்தில் பிறந்தவள். பிளஸ் ஒன்னுக்கே மலையை விட்டு இறங்கி, ஹாஸ்டல் சாம்பாரில் வளர்ந்து, எம்.சி.ஏ. முடித்துவிட்டு மறுபடி மேலேறி வந்தவள். குரல் உயராது. ஆனால் ஒரு வேலையைத் தொட்டால் அது முடிகிறவரை சோறு தண்ணி தேவைப்படாது.

பள்ளிக்கூடத்தில் மிகவும் பாவப்பட்ட வேலை டைம்டேபிள் போடுவது. வருடா வருடம் சின்னுசாமி சார்தான் போடுவார். பெரிய அட்டையில் பென்சிலால் எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். எல்லாம் முடிந்தது என்று நிமிரும்போது, அறிவியல் டீச்சர் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் ஒரே நேரத்தில் நின்றுகொண்டிருப்பார். அதைச் சரிசெய்தால் ஆய்வகத்தில் இரண்டு வகுப்பு மோதும். சின்னுசாமி சார் ஓய்வு பெற்றபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, இந்த வேலையை இனி எந்தப் பாவி தலையில் கட்டுவார்களோ என்று நினைத்தேன். தேன்மொழி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இத மனுசன் போடவே கூடாதுங்கய்யா. விதிய மட்டும் நாம சொல்லோணும். தேடுறத கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்றாள்.

தேடுவதற்கான மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. விதிகளை எழுதியவள் அவள். ஒரு ஆசிரியர் ஒரே பீரியடில் இரண்டு வகுப்பில் இருக்கக் கூடாது. ஒரு வகுப்புக்கு ஒரே பீரியடில் இரண்டு பாடம் கூடாது. ஆய்வகத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு வகுப்புதான். ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்துக்கு இத்தனை பீரியட் வந்தே தீர வேண்டும். இவை மீறவே கூடாதவை. சாப்பாட்டுக்குப் பின் கணக்கு வேண்டாம், தொடர்ந்து மூன்று பீரியட் வேண்டாம் என்பதெல்லாம் ஆசைகள். முடிந்தால் நடக்கும், முடியாவிட்டால் விட்டுவிடும். விதிகளோடு வகுப்பு, ஆசிரியர் பெயர் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் போட்டு, பக்கத்தில் 'உண்டு', 'இல்லை' என்று மாற்றிக்கொள்ளும்படி வைத்திருந்தாள். அதை மாற்றினால் விதியே மாறிவிடும்.

அதை மாற்றக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் அனுராதா. கணக்கு டீச்சர், அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருபவர். தேன்மொழியைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். தேன்மொழிக்குக் காய்ச்சல் என்றால் கீழேயிருந்து மாத்திரை வாங்கி வருவது அனுராதாதான். "அக்கா" என்று இவள் கூப்பிடுவதிலும் "கண்ணு" என்று அவர் கூப்பிடுவதிலும் எனக்கே சில நாள் பொறாமையாக இருக்கும்.

சென்ற ஜூனில்தான் எங்களுக்குப் பிளஸ் ஒன்னில் கணினிப் பிரிவு புதிதாகக் கிடைத்தது. அதுவரை மேலே இருந்தது அறிவியல் பிரிவு ஒன்றுதான். அது வேண்டாதவர்கள் கீழே போக வேண்டும். பெண் பிள்ளைகளைக் கீழே அனுப்பப் பல வீடுகளில் மனசு வராது, படிப்பு அதோடு நின்றுவிடும். தேன்மொழி மே மாதம் முழுக்க ஊர் ஊராக நடந்தாள். திருப்புலி நாட்டில் ஆத்தாயி என்கிற அம்மா தன் மகள் சுகுணாவைக் கீழே நூல் மில்லுக்கு அனுப்ப ஆள் பேசி வைத்திருந்தார். "எங்க பள்ளிக்கூடத்துலயே படிப்பு வருதுங்கம்மா, நான்தான் டீச்சர், நான் பொறுப்பு" என்று சொல்லி அந்தப் பெண்ணைச் சேர்த்தாள். அப்படித்தான் அந்தப் பிரிவுக்கு ஒவ்வொரு பிள்ளையாக வந்தது.

சிக்கல் டைம்டேபிளில் வந்தது. புதுப் பிரிவோடு சேர்த்து எங்களுக்குப் பத்து வகுப்புகள். விதிகளைக் கொடுத்து ஓடவிட்டாள். 'வழி இல்லை' என்று வந்தது. எந்த விதி தடுக்கிறது என்று பார்க்க ஒவ்வொன்றாக 'இல்லை' போட்டு ஓட்டினாள். பஸ் விதியை எடுத்ததும் சட்டென்று டைம்டேபிள் வந்து நின்றது.

பஸ் விதி எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை, எங்கள் பள்ளி வழக்கம். அடிவாரத்திலிருந்து வருகிறவர்கள் ஐந்து பேர். அவர்கள் பஸ் அத்தனை வளைவும் ஏறி வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் முடியப் போகும். அதனால் முதல் பீரியடை மலைமேல் குடியிருக்கும் ஒன்பது பேரே எடுப்போம். ஒன்பது வகுப்பு இருந்தவரை யாருக்கும் இது உறைக்கவில்லை. இப்போது பத்து வகுப்பு, ஒன்பது ஆள். கம்ப்யூட்டர் என்ன, பிரம்மாவே வந்து உட்கார்ந்தாலும் வராது. பிளஸ் ஒன் இரண்டு பிரிவையும் முதல் பீரியடில் தமிழுக்குச் சேர்த்து உட்காரவைக்கலாமா என்று நானும் கேட்டேன். அத்தனை பேரைக் கொள்ளும் அறை எங்களிடம் இல்லை.

தலைமையாசிரியர் யுவராஜ் சார் கறாராகச் சொல்லிவிட்டார். "டீச்சர் இல்லாம ஒரு கிளாஸ் சும்மா உக்காந்திருக்கக் கூடாதுங்க. போன தடவ இன்ஸ்பெக்ஷன்ல பட்டது போதும். வெள்ளிக்கெழமைக்குள்ள டைம்டேபிள் வரல்லீன்னா அந்தக் குரூப்ப நடத்த முடியாதுன்னு எழுதிப்புடுவேன்."

தேன்மொழிக்கு வழி தெரிந்திருந்தது. தினமும் குறைவது ஒரே ஒரு ஆள். ஐந்து நாள், ஐந்து பேர். ஆளுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் முந்தின பஸ்ஸில் வந்தால் போதும். விதியை அப்படித் திருத்தி ஓட்டிப் பார்த்தாள், டைம்டேபிள் வந்தது. அதைக் கொண்டுபோய் அனுராதாவிடம்தான் காட்டினாள். "நான் கேட்டா மலக்காரி எங்களுக்கு வேல வைக்கிறான்னு நெனப்பாங்கக்கா. நீங்க பஸ்ஸுல கூட வாரவங்க. நீங்களே கேளுங்க" என்றாள்.

"நான் பேசிக்கிறேன் கண்ணு" என்றார் அனுராதா.

இரண்டு நாள் கழித்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தரும் ஒத்துக்கல கண்ணு. நான் எவ்வளவோ சொன்னேன்."

தேன்மொழி அவருக்கே ஆறுதல் சொன்னாள். தன் பிரிவு போகப் போகிறது, இவளோ "உங்களுக்கு எதுக்குக்கா சங்கடம்" என்கிறாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திருப்புலி நாட்டுக்குக் கிளம்பினாள், பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து வந்து தலைமையாசிரியரிடம் பேச வைக்கலாம் என்று.

அன்று மதியமே டைம்டேபிள் ஸ்டாஃப் ரூம் சுவரில் ஏறிவிட்டது. தேன்மொழியின் மென்பொருளில்தான் போட்டிருந்தது. அட்டவணையில் பிளஸ் ஒன் கணினிப் பிரிவுக்கு எதிரே 'இல்லை' என்று மாற்றியிருந்தார்கள். ஒன்பது வகுப்பு, ஒன்பது ஆள், சில நொடியில் வழி கிடைத்துவிட்டது. அது யாரிடமும் ஏன் என்று கேட்காது. சொன்ன விதியை உண்மை என்று எடுத்துக்கொண்டு தேடும், அதுதான் அதன் குணம்.

மறுநாள் மதியம் தேன்மொழி வந்து சுவரின் முன் நின்று படித்தாள். அவள் பெயர் எல்லா நாளும் முதல் பீரியடில் இருந்தது, ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலுமாக. தலைமையாசிரியரிடம் ஓடினாள், நானும் பின்னால் போனேன்.

"நானா டீச்சர் பண்ணினேன்? எனக்கு அதத் தொறக்கக்கூடத் தெரியாது. அனுராதா டீச்சர்தான் வந்து, ஒரு குரூப்ப எடுத்துட்டா ஓடுதுங்க சார்னு போட்டுக் காட்டுனாங்க. பசங்களுக்கு நேத்தே டி.சி. எழுதிக் குடுத்தாச்சு" என்றார் யுவராஜ் சார்.

வெளியே வந்தபோது இயற்பியல் எடுக்கும் சந்தோஷ்குமார் எதிரே வந்தார். அவரும் கீழேயிருந்து வருகிற ஐவரில் ஒருவர். எனக்கு வாய் சும்மா இருக்காது. "வாரத்துல ஒரு நா முந்தி வந்திருந்தா ஒரு குரூப்பு நின்னிருக்கும், அதுக்கும் ஒத்துக்க மாட்டேன்னுட்டீங்களே" என்றேன்.

அவர் விழித்தார். "என்னங்கய்யா சொல்றீங்க? யாரு கேட்டா? எங்க யாருகிட்டயும் ஒருத்தரும் கேக்கலீங்க. ஒரு நா என்ன, எனக்கு ரெண்டு நாளுன்னாலும் சரிதாங்க. எங்கூட்டுல நாலு மணிக்கே எழுந்திருச்சிருவோம்."

தேன்மொழி நேராக ஸ்டாஃப் ரூமுக்கு நடந்தாள். அனுராதா இரண்டு பேருக்கும் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருகிட்டயும் கேக்கவே இல்லீங்களாக்கா?"

அனுராதா மூடியைக் கீழே வைத்தார். "எல்லாரும் சரின்னுட்டா நான் மட்டும் எப்படி கண்ணு மாட்டேன்னு சொல்லுவேன்? பையனக் கெளப்பி, மாமியாளுக்குச் சோறாக்கி வெச்சுட்டு அந்த மொதப் பஸ்ஸுக்கு ஓட என்னால ஆகாது. அதான் கேக்கல."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா. அக்காவுக்கு முடியாது, அவுங்க நாள யாராச்சும் எடுத்துக்கங்கன்னு நானே கேட்டிருப்பேனே. உங்க பேருக்கு நேரா 'இல்லை' போட எனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..." என்று இழுத்தார். பிறகு அவள் தோளைத் தொட்டார். "உட்றா சாமி. உனக்கு வேல ஒண்ணும் போயிறலயே. குரூப்பு எங்க போவப் போவுது, அடுத்த வருசம் கேட்டு வாங்கிக்கலாம்."

தேன்மொழி அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள், மெதுவாகத்தான்.

"நேத்து மத்த ஊட்டுக்கெல்லாம் போயிட்டு, இன்னிக்குக் காத்தாலதான் சுகுணா ஊட்டுக்குப் போனேங்க்கா. ஆத்தாயம்மா நான் உள்ள போயும் மூஞ்சி குடுத்துப் பேசல, ஏன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது. அந்தப் புள்ள நேத்துச் சாயங்காலமே பொட்டியக் கட்டிட்டு மில்லு வேனுல எறங்கிப் போயிருச்சு."