ஊரோடு விதைத்த சாமை

ஜவ்வாது மலையில் உள்ள உறைவிடப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு விவாதத்துக்கு அந்த ஆண்டு நான் கொடுத்த தலைப்பு: மழை மாறிவிட்டது, விதைப்பு நாளையும் மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும் என்று பேச முன்வந்தவள் நெல்லிவாசல் பக்கத்துச் சிற்றூர்ப் பெண். விடுமுறையில் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். முன்பெல்லாம் ஆனியில் முதல் மழை பெய்தால் அடுத்தடுத்துப் பெய்யும். இப்போது முதல் மழைக்குப் பிறகு வெயில் வாரக்கணக்கில் காய்கிறது. முளைத்த சாமை கருகுகிறது. அறுப்புக்கு வந்தால் அப்போது மழை பிடித்து, அறுத்துப் போட்ட கதிர் நனைந்து முளைவிடுகிறது. முதல் மழையை விட்டுவிட்டு, மண் ஆழம் வரை நனைந்தபின் விதைக்கலாம். தாமதத்தை ஈடுகட்டக் குறைந்த நாளில் விளையும் சாமையைப் போடலாம். ஊடே துவரையும் அவரையும் இருந்தால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். தடுமாறாமல் பேசினாள். அவள் அணிதான் ஜெயித்தது.

விவாதத்துக்கு முன்பே அவள் வீட்டில் அதே பேச்சைப் பேசிப் பார்த்திருக்கிறாள். அவள் அப்பா வேளாண்மை அலுவலகத்துக்குப் போய்க் குறுகிய நாள் சாமை விதை வாங்கிவந்துவிட்டார். வீட்டுக்கு ஆண்டு முழுக்கச் சோறு போடுவது அந்த ஒரு சரிவு நிலம்தான்.

அந்த ஊரில் யாரும் தனியாக விதைப்பதில்லை. நிலங்களுக்கு வேலி கிடையாது. முதல் மழை பெய்ததும் ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர், நாள் சொல்வார். அன்று முதல் எல்லா மாட்டையும் கட்டிப்போட்டுத் தீனி போடுவார்கள், இல்லையென்றால் காட்டுக்குள் ஓட்டிப்போய் மேய்ப்பார்கள். எல்லோரும் அறுத்து முடித்த பிறகு சரிவில் அவிழ்த்துவிடுவார்கள். நாள் குறிக்கும் கூட்டத்தை அந்த ஆண்டு நான் பார்த்தேன்.

“மாமா, நான் மட்டும் தள்ளி வெதைக்கறேன்,” என்றார் அவள் அப்பா. “அறுப்பும் கொஞ்சம் தள்ளித்தான் வரும். அதுவரிக்கும் மாட்ட அவுக்காதீங்க.”

“இன்னாடா, பொண்ணு இஸ்கூல்ல பேசுனது மழைக்குக் கேட்டுச்சாமா?” என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

“மழைக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு.”

ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. “சரி, வெதை. மாட்ட அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார்.

ஊர் விதைத்தது. அந்தப் பெண் சொன்னபடியே வெயில் காய்ந்தது. முளைத்தது திட்டுத் திட்டாகக் கருகியது. மறுபடி விதைக்கப் பெரும்பாலோரிடம் விதை இல்லை. பிறகு மழை நின்று பெய்தபோது அவள் அப்பா விதைத்தார். பயிர் அவர் நிலம் முழுக்க ஒரே சீராக வந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கதிர் வந்து பால் பிடித்த நாளில் நான் போயிருந்தேன். “கண்ணு வெக்காதீங்க சாரு,” என்று அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

சாமை பொய்த்தால் மாட்டுக்குப் போடும் சாமைத் தாளும் இல்லை. கட்டிப்போட்ட மாட்டுக்கு வீட்டில் தீனி தீர்ந்தது. மிஞ்சியதில் கதிர் பிடிக்காது என்று தெரிந்ததும் ஊரார் அதைத் தீனிக்கே அறுத்துவிட்டார்கள். அறுப்பு முடிந்தது என்றுதான் அதற்குக் கணக்கு. ஒரு காலையில் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள்.

சரிவில் பச்சையாக இருந்தது ஒரு நிலம் மட்டும்தான். அவரும் மனைவியும் கழியோடு ஓடினார்கள். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் இறங்கின. சாயங்காலம் ஓரத்தில் கொஞ்சம் துவரை நின்றது.

கூட்டம் கூடியது. “நீங்க ஒத்துக்கினது தானே மாமா?” என்று கேட்டார் அவள் அப்பா.

“ஒத்துக்கினேன். அப்ப தீனி இருந்துச்சு. எந்த மாட்டச் சாகச் சொல்ற?” என்றார் ஊர்க்கவுண்டர். “நாள் மாத்தறதுன்னா ஊரே மாத்தணும்.”

“அப்ப மாத்துங்க.”

அடுத்த ஆண்டு எப்படிப் பெய்யும் என்று யார் பொறுப்பேற்பது? தள்ளிப் போட்டு மழை முன்னால் நின்றுவிட்டால் ஊர் மொத்தமும் ஒருவரைக் கைகாட்டும். ஊர்க்கவுண்டருக்கு அது தெரியும். அந்த ஒருவர் தான்தான் என்பதும் தெரியும்.

அவள் அப்பா அந்தக் குளிர்காலத்தில் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனார். மறு ஆனியில் திரும்பியிருந்தார். முதல் மழை பெய்ததும் ஊர்க்கவுண்டர் வழக்கம்போல நாள் சொன்னார். அன்று நான் அங்கே இருந்தேன். மழை இடைவெளி விடும் என்று வானிலைக் குறுஞ்செய்தி அவள் அப்பாவின் போனுக்கே வந்திருந்தது. அவர் நீள நாள் சாமையை ஊரோடு சேர்ந்து விதைத்துக்கொண்டிருந்தார். மகள் பின்னால் விதைக் கூடையோடு நடந்தாள்.

“தெரிஞ்சேதானே வெதைக்கிறீங்க?” என்றேன்.

“தெரிஞ்சேதான் சாரு. தனியா வெளஞ்சா மாட்டுக்குப் போவுது. எல்லாரோடவும் காஞ்சா, காஞ்சதுன்னு சொல்லவாவது நாலு பேரு இருப்பான்.”

மகள் அடுத்த பிடிக்குக் கூடையை நீட்டினாள்.