டெப்லெட்டில் நின்ற பச்சை எண்

வெள்ளவத்தைப் புடவைக் கடையின் வாட்ஸ்அப் ஓடர்கள் துஷாந்தினியின் பொறுப்பு. கடைப் போனிலும் டெப்லெட்டிலும் ஒரே கணக்குதான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மூடிய கடையைத் திறந்ததும், முதலாளி அலவி டெப்லெட்டை நீட்டினார். புடவை ஓடர் கொடுத்த ஒரு மணப்பெண்ணின் செய்தி, பக்கத்தில் பச்சை எண்ணோடு, வாசிக்கப்படாததாகக் காட்டியது.

"தொறந்தே பாக்கல்லயே புள்ள! நாளைக்கு வேலைக்கு வரத் தேவல்ல."

"கடை மூடியிருக்கேக்க கடைப் போன் டேட்டாவில வாசிச்சுப் பதிலும் போட்டிட்டன், முதலாளி. ஜும்மாவுக்குப் போகேக்க ரவுட்டர நிப்பாட்டினது ஆர்?"

"நான்தான்."

"செய்தி அதுக்கு முதலே டெப்லெட்டுக்கு வந்திட்டுது. நான் வாசிச்சது இணையம் இல்லாம அதுக்கு எப்பிடித் தெரியும்?"

அவளே ரவுட்டரை மறுபடி போட்டாள். சற்று நேரத்தில் பச்சை எண் மறைந்தது. அவளது பதிலும் திரையில் தெரிந்தது.

"சரி, வேலையப் பாருங்க."

"விசாரிக்காமச் சொன்னத முதல்ல வாபஸ் எடுங்கோ." அவள் அசையவில்லை.

"எடுத்துட்டன், தாயே!"