இலைகளை மட்டும்

என் மனைவியின் அக்கா கனடாவில் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் இலை பழுக்கும் காலத்தில் அவரிடமிருந்து ஒரு படம் வரும். செக்கச்செவேலென்ற மரங்களுக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் தானே சாயம் பூசிவிட்டவர் போல அக்கா நிற்பார். என் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். "லண்டனிலை மரமே இல்லையெண்டு நினைக்கிறா போலை," என்பாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், கல்யாண அட்டைகளுக்கும் கடைக்காரர்களின் கலண்டர்களுக்கும் கம்ப்யூட்டரில் படம் திருத்துவது என் வேலை. அந்த ஜூலையில் பார்க்கில் நானும் மனைவியும் நெருங்கி நிற்க, வழியில் போன ஒருவரைக் கேட்டு எடுப்பித்த படமொன்று இருந்தது. அதை ஒருநாள் என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"இதிலை இருக்கிற இலையளைப் பழுக்க வையுங்கோ. இந்த முறை அக்கான்ரை படம் வாறதுக்கு முன்னம் எங்கடை படம் அங்கை போகோணும்."

பொறாமைக்கும் ஓர் அளவு வேண்டும் என்று சிரித்துக்கொண்டே போனேன்.

மத்தியானம் ஸ்கேன் பண்ணினேன். முதலில் பச்சை நிறங்களை மட்டும் சிவப்பாக மாற்றிப் பார்த்தேன். மரங்கள் அசைந்து கொடுக்கவில்லை. வெயில் பட்ட இலை நம் கண்ணுக்குத்தான் பச்சை, கம்ப்யூட்டர் அதில் பெரும்பகுதியை மஞ்சளோடு சேர்த்துவிடும். ஆகவே மஞ்சளைப் பிடித்துச் சிவப்புப் பக்கம் தள்ளினேன். மரங்கள் பழுத்தன. கூடவே புல்லும் பழுத்தது, எங்கள் முகங்களும் செங்கல் நிறமாயின. அது எதிர்பார்த்ததுதான். இலைகளைச் சுற்றி வரம்பு கட்டி, மாற்றம் அதற்குள்ளேயே நிற்கும்படி செய்வதுதான் உண்மையான வேலை.

வரம்பு கட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். அவளுடைய கண்ணின் வெள்ளை ஆரஞ்சாக இருந்தது. பக்கத்தில் என் கண் வெள்ளையாகவே இருந்தது.

ஸ்கேனரில்தான் பிழை என்று நினைத்தேன். மாற்றத்தை நீக்கிவிட்டு இரண்டு கண்களின் நிற எண்களையும் பார்த்தேன். என் கண்ணில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய சமம். அவளுடையதில் நீலம் நன்றாகக் குறைந்திருந்தது; நீலம் குறைந்தால் மஞ்சள் என்று அர்த்தம். ஒரே வெயில், ஒரே படம். மஞ்சள் அவளுக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளை யன்னலடிக்குக் கூட்டிப்போய் இமையை இழுத்துப் பார்த்தேன். "விடுங்கோ, உங்களுக்கென்ன விசரே?" என்று கையைத் தட்டினாள். தினமும் பார்க்கிற முகம்; கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் யாருக்குத் தெரியும்? அவள் மெலிந்ததைக்கூட நல்லதென்று சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கணையத்தில் ஒரு கட்டி, பித்தக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. வெட்டி எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது என்றார்கள்.

அக்காவின் அகதி வழக்கு அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. நாட்டை விட்டு வெளியே வந்தால் எல்லாம் போய்விடும். "அவவுக்குச் சொல்லாதேங்கோ. கேட்டா அந்த நிமிஷமே வெளிக்கிட்டிடுவா," என்றாள் மனைவி. பிறகு கேட்டாள், "அந்தப் படம் முடிஞ்சுதோ?"

முடித்தேன். புல்லைப் பச்சையாகவே விட்டேன், பைன் மரத்தையும் தொடவில்லை. கஷ்கொட்டை மரத்தை நன்றாகச் சிவக்க வைத்து, ஓக் மரத்தை அரைகுறையாக நிறுத்தினேன். எல்லாம் ஒரே நிறமானால் பொய் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இலை வடிவா இருக்கு. என்ரை கண்ணையும் ஒருக்காப் பாருங்கோ."

"இலையை மட்டும் மாத்தச் சொன்னது நீர்தானே," என்றேன். அழுதுவிடக் கூடாதென்று கோபப்பட்டேன். அவள் படத்தைத் திரும்ப என் கையில் வைத்தாள். மணப்பெண்களின் பல்லை வெளுப்பாக்குவது என் அன்றாட வேலை. அதே முறையில் அவள் கண்ணிலிருந்தும் முகத்திலிருந்தும் மஞ்சளைக் குறைத்தேன். திரையில் அவள் சுகமாகிவிட்டாள். அக்டோபரில் தபாலில் போட்டேன். வெளியே உண்மையான மரங்களும் பழுத்திருந்தன, பார்க்கவே பிடிக்கவில்லை. நவம்பரில் போய்விட்டாள்.

அடுத்த கோடையில் வழக்கு வென்று, பயணப் பத்திரமும் கிடைத்து அக்கா வந்தார். கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்து அழுதார். பிறகு கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார்.

"இலையெல்லாம் பழுத்துக் கிடக்கு. அப்ப அக்டோபர் வரைக்கும் என்ரை தங்கச்சி இப்பிடித்தான் இருந்தவளோ?"

அந்த அக்டோபரில் அவளால் எழுந்து உட்காரவும் முடியவில்லை.

"ஓம் அக்கா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பிடியெண்டா கனநாள் நோவு படேல்லை, என்ன?"

"இல்லை அக்கா. கனநாள் படேல்லை," என்றேன்.