ஏழாம் வரிசை

எங்கள் பள்ளியில் வகுப்புகளுக்கிடையே வினாடி வினா நடத்தும் வேலை என் தலையில் விழவில்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதி. ஆலைத் தொழிலாளிகளின் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பகுதியில் இருந்த அரசுப் பெண்கள் பள்ளி அது. நான் கணக்கு டீச்சர். அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி வருவேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. எல்லோரும் தப்பாகவே செய்கிறார்கள், நான் ஒருத்திதான் சரி என்று நினைக்கிற வயது.

அதற்கு முந்தின வருஷம் போட்டி சண்டையில் முடிந்திருந்தது. மொத்தம் பதினோரு வகுப்புகள்: எட்டில் மூன்று பிரிவு, ஒன்பதில் நான்கு, பத்தில் நான்கு. தோற்றவர்கள் வெளியே, ஜெயித்தவர்கள் அடுத்த சுற்றுக்கு. பதினொன்று ஒற்றைப்படை. அதனால் ஒரு வகுப்பை உட்காரவைத்துவிட்டு மற்றப் பத்துக்கும் போட்டி வைத்தார்கள். இப்படிப் போட்டியில்லாமல் அடுத்த சுற்றுக்குப் போவதற்குப் பெயர் 'பை'. ஜெயித்த ஐந்தும் உட்கார்ந்திருந்த ஒன்றும் சேர்ந்து ஆறு, ஆறு மூன்றாயிற்று. மூன்று மறுபடி ஒற்றைப்படை, மறுபடி ஒருவர் உட்கார வேண்டும். சீட்டில் முதல் சுற்றில் உட்கார்ந்த அதே வகுப்புக்கே திரும்பவும் பை விழுந்தது. ஒரே ஒரு போட்டியில் ஜெயித்து இறுதிப் போட்டிக்கு வந்து, கோப்பையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றப் பிள்ளைகள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தலைமையாசிரியரிடம் போய், ஐந்து வகுப்புக்குப் பை கொடுத்து, பைகளையெல்லாம் முதல் சுற்றிலேயே தீர்த்துவிட வேண்டும் என்றேன். அவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், பொறுமை தீர்ந்தால் 'சரி, சரி' என்பதைப் பிரெஞ்சில் 'போன், போன்' என்பார். ஒரு வகுப்புதான் மிச்சம் வருகிறது, எதற்கு ஐந்து வகுப்பைச் சும்மா உட்காரவைக்கிறாய் என்று கேட்டார். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகிற எண்ணாக இருந்தால்தான் கடைசிவரை யாரும் மிச்சம் வரமாட்டார்கள் என்று விளக்கினேன். பதினொன்றுக்கு மேலே அப்படிப்பட்ட அடுத்த எண் பதினாறு. பதினாறில் பதினொன்று போனால் ஐந்து பை. மீதி ஆறு வகுப்புக்கு மூன்று போட்டி. ஜெயித்த மூன்றும் பை வாங்கிய ஐந்தும் சேர்ந்தால் எட்டு. அதற்கப்புறம் நான்கு, இரண்டு, முடிந்தது. அவர் 'போன்' என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

பெரிய சார்ட் தாளில் பதினாறு வரிசை போட்டேன். ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் நான்கும் ஒரு ஜோடி, இப்படி எட்டு ஜோடி. இரண்டு, நான்கு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு ஆகிய ஐந்து வரிசைகளில் சிவப்பு மையில் 'பை' என்று எழுதினேன். எந்த ஜோடியிலும் இரண்டு பை சேர்ந்து விழக்கூடாது; மேல் பாதியில் மூன்று, கீழ்ப் பாதியில் இரண்டு என்று பிரித்தேன். வலப்பக்கம் அடுத்தடுத்த சுற்றுக்கான கட்டங்கள் எட்டு, நான்கு, இரண்டு என்று குறைந்துகொண்டே போய்க் கடைசியில் ஒன்றில் நின்றன. கோடெல்லாம் அளவுகோல் வைத்துப் போட்டது. இன்றைக்கு நினைத்தாலும் அழகான அட்டவணைதான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மீதிப் பதினோரு வரிசை எண்களையும் சீட்டில் எழுதிச் சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். வகுப்புக்கு இரண்டு பேர் மேடை ஏற வேண்டும், அதில் ஒருத்தி வகுப்புத் தலைவி. தலைவிகள் வந்து சீட்டை எடுத்தார்கள். ஒன்பது சி-யின் தலைவி எடுத்தது ஏழு. எட்டாவது வரிசையில் பை. அவள் வகுப்பு கைதட்டியது. அவள் மட்டும் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறவள். பூ மடிக்க வாங்கும் பழைய பேப்பர் கட்டை, மடிப்பதற்கு முன்னால் இந்தப் பெண் ஒரு வரி விடாமல் படித்துவிடுவாள். எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எந்த அணை எந்த ஆற்றில், எல்லாம் அப்படி வந்ததுதான். அப்பா ஆலையில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் இருந்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார்.

சீட்டுக் குலுக்கிய அன்று மாலை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். எட்டு பி-யின் தலைவியையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். எட்டு பி-க்கு வரிசை ஆறு. ஐந்தாம் வரிசையில் இருந்த பத்து ஏ-வோடு முதல் நாளே மோத வேண்டும். அந்தச் சின்னப் பெண் ஏற்கெனவே ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தாள்.

"எங்களுக்குப் பை வேணாம் டீச்சர். இவங்களுக்குக் குடுத்துடுங்க, நாங்க பத்து ஏ-வோட ஆடிக்கிறோம்" என்றாள் ஒன்பது சி தலைவி.

ஏன் என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழம எங்கப்பா போட்டியப் பாக்க வர்றாரு டீச்சர். திங்கக்கிழம மறுபடியும் ஆஸ்பத்திரில சேக்கணும்னு சொல்லிட்டாங்க."

முதல் சுற்று அந்த வெள்ளிக்கிழமை. இரண்டாவது சுற்று அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. அவள் கேட்டது இரண்டு பெயரை இடம் மாற்றி எழுதுவது, அவ்வளவுதான். இரண்டு வகுப்புக்கும் சம்மதம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சார்ட்டில் பெயர்களை மையில் எழுதியாகிவிட்டது. மாற்றினால் அடித்து எழுத வேண்டும். ஒருவருக்கு மாற்றினால் பதினோரு பேரும் வந்து நிற்பார்கள், சீட்டு என்றால் சீட்டுதான் என்று சொல்லிவிட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாத அட்டவணை வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த காரணம். அதை அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

"அடுத்த வாரம் அப்பாவக் கூட்டிக்கிட்டு வா. அது இதவிடப் பெரிய போட்டி" என்றேன். அவள் தலையாட்டினாள். எட்டு பி பெண்தான் மறுபடி அழுதாள்.

வெள்ளிக்கிழமை அவர் வந்துவிட்டார். பை விழுந்ததை வீட்டில் அவள் சொல்லவில்லை போலிருக்கிறது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை உடம்பில் ஒட்டாமல் தொங்க, கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தால் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போய், அடங்கியபின் திரும்பி வருவார். மூன்று போட்டியும் முடியும்வரை இருந்தார். ஒவ்வொரு முறையும் வகுப்பின் பெயரைக் கூப்பிடும்போது நிமிர்ந்து உட்காருவார். எட்டு பி ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாமல் தோற்றது. மகள் தோழிகளுக்கு நடுவே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள், அவர் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லோரும் கலைந்தபிறகு என்னிடம் வந்தார்.

"எம் பொண்ணு எப்ப வருவா டீச்சர்?"

சுவரில் மாட்டியிருந்த சார்ட்டுக்கு அவரை அழைத்துப் போனேன். ஏழாம் வரிசையைக் காட்டினேன். எதிரே சிவப்பில் 'பை' என்றிருக்கிறது பாருங்கள், எதிரி கிடையாது, அதனால் நேரே இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டாள் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கும் மனிதரிடம் பதினாறில் பதினொன்று போனால் ஐந்து என்று விளக்க முடியுமா? சுலபமாகச் சொல்ல நினைத்தேன்.

"ஆடாமலே ஜெயிச்ச மாதிரிங்க."

அவர் முகம் மலர்ந்தது. சார்ட்டில் இருந்த அந்த ஒன்பது சி என்ற எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். சரிங்க டீச்சர், அடுத்த வாரம் வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்போடு நான் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வியாழக்கிழமை விடிகாலையில் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை காலையில் அடக்கம். ஒன்பது சி மொத்தமும் அங்கே போய்விட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பத்து ஏ வந்து மேடையில் உட்கார்ந்தது. எதிரே இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.

தள்ளிவைக்கலாமா என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். அடுத்த வாரம் தேர்வு, மீதிச் சுற்றெல்லாம் இன்றைக்கே முடிய வேண்டும், வேறு நாள் கிடையாது என்றார். இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஏழாம் வரிசையிலிருந்து வந்த கோட்டின் முடிவில் 'வரவில்லை' என்று எழுதி, பத்து ஏ-வை அடுத்த கட்டத்தில் ஏற்றினேன். எழுத்து அழகாகவே விழுந்தது.

அப்புறம்தான் அட்டவணையை முழுசாகப் பார்த்தேன். பதினோரு வகுப்பு, பத்து ஆட்டம், எல்லாக் கணக்கும் சரி. ஒரு வகுப்பு மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கப்படாமல் உள்ளே வந்து வெளியே போயிருந்தது. பழைய முறையில் ஒரே ஒரு வகுப்புதான் உட்கார்ந்திருக்கும். அவள் முதல் நாளே மேடை ஏறியிருப்பாள், பதினொன்றில் பத்துப் பங்கு நிச்சயம். நான் கொண்டுவந்த சரியான முறையில்தான் அந்த ஐந்து பை. அது போகட்டும் என்றாலும், வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

காரியம் முடிந்து அவள் பள்ளிக்கு வந்தபோது சார்ட் இன்னும் சுவரில்தான் இருந்தது. கழற்றிவிட வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் விட்டிருந்தேன். மத்தியான இடைவேளையில் அவள் அதன் முன்னால் நின்றிருந்தாள். பேசாமல் போய்விட முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்கே மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"அப்பாகிட்ட என்ன டீச்சர் சொன்னீங்க?"

என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருந்தது.

"வீட்டுக்குப் போற வழியெல்லாம் எம் பொண்ணு ஜெயிச்சிட்டான்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. ஆஸ்பத்திரிலயும் நர்ஸுகிட்ட, பக்கத்துக் கட்டில்காரருகிட்ட எல்லாம் அதையேதான். எப்படி ஜெயிச்சே, என்ன கேட்டாங்கன்னு என்னையும் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நானா ஒரு கேள்வி, நானா ஒரு பதில்னு சொல்லிக்கிட்டே இருந்தேன் டீச்சர். புதன்கிழம ராத்திரி வரைக்கும் சொன்னேன்."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் பத்தாம் வகுப்பு முடிகிறவரை அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கச் சொல்லவில்லை.